துண்டு கறுப்பது ஏன்: சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லி, ஷாம்பு

"அக்கா, யாங்கோனில் வடக்கு டகோனில் இருக்கிறேன். ஷாம்புவை நிறுத்திவிட்டுச் சீயக்காய், பூந்திக்கொட்டை, நெல்லிப் பொடி மூன்றையும் சம அளவு கலந்து தினமும் தலைக்குத் தேய்க்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. முடி வைக்கோல் மாதிரி இருக்கிறது, வேரில் மட்டும் பிசுபிசுப்பு, வெள்ளைத் துண்டெல்லாம் சாம்பல் கறுப்பு. ஷாம்பு நஞ்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள் என்கிறார்கள். தினசரிக்கு எதுதான் சரி?"

நஞ்சும் இல்லை ஒன்றும் இல்லை, தங்கச்சி. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத நார். நஞ்சைச் சேர்த்து வைத்திருந்து மூன்று வாரம் கழித்துத் துண்டில் துப்புகிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது. துண்டைக் கறுக்க வைப்பது நெல்லியும் உங்கள் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன். வடக்கு டகோன் என்று படித்ததுமே குழாய்க் கிணறாக இருக்குமோ என்று தோன்றியது. இரவு பிடித்து வைத்த வாளியின் அடியில் காலையில் செம்மண் மாதிரி மெல்லிய படிவு நிற்கிறதா, குளியலறைத் தரையில் துருக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடித் தம்ளர் போதும். ஒன்றில் கடையில் வாங்கும் குடிதண்ணீர், இன்னொன்றில் அப்போதுதான் அடித்த கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் அரைக் கரண்டி நெல்லிப் பொடியைப் போட்டுக் கலக்கிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். குடிதண்ணீர் மங்கலான பழுப்பாகவே நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் முதலில் ஊதா கலந்த சாம்பலாகி, நேரம் போகப் போக நீர்த்த பேனா மை மாதிரி ஆகிவிடும். நெல்லியில் இருக்கும் துவர்ப்புப் பொருள், அதுதான் டானின், இரும்பைக் கண்டால் கருநீலமாகும். பழைய காலத்து எழுதும் மையே கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்துச் செய்ததுதானே. இரும்புத் தண்ணீரில் தேநீர் போட்டால் நிறம் மை மாதிரி கறுத்துப் போவதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இதே சங்கதி. நீங்கள் மூன்று வாரமாகத் தினமும் தலையில் மை காய்ச்சிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதிலிருந்தே அடுத்த விஷயம் வருகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை இல்லை. பூந்திக்கொட்டையும் சீயக்காயும் அழுக்கெடுக்கும், நெல்லி எடுக்காது. அழுக்கெடுக்க நுரைக்கிற பொருள் வேண்டும், சபோனின் என்பார்கள். அது ஒரு முனையில் எண்ணெயையும் மறுமுனையில் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு, எண்ணெயைத் தலையிலிருந்து கழற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடும். நெல்லியில் அழுக்கெடுக்கிற அளவுக்கு அது இல்லை. ஒரு பாட்டிலில் நெல்லிப் பொடியும் தண்ணீரும் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் பூந்திக்கொட்டை மாதிரி நிற்கிற நுரை வராது. நெல்லியின் புளிப்பும் துவர்ப்பும் முடியின் மேல் லேசாகப் படிந்து, கொஞ்சம் கெட்டியாக்கின மாதிரி ஓர் உணர்வைத் தரும், அவ்வளவுதான். அந்தத் துவர்ப்பு தினமும் படிந்தால் முடி வறண்டு சொரசொரப்பாகத்தான் போகும். சம அளவு கலந்தபோதே உங்கள் பொடியில் மூன்றில் ஒரு பங்கு அழுக்கெடுக்காத பொருளாகிவிட்டது, அது முதல் குறை.

மிச்சம் இரண்டில் பூந்திக்கொட்டைதான் முரடு. ஊரில் பத்தர்கள் நகை விளக்குவதற்கும், பட்டுச் சேலை அலசுவதற்கும் அதைத்தான் ஊறப்போடுவார்கள் என்றால் அதன் பலம் புரியும். தலையிலிருக்கும் எண்ணெயை ஈவிரக்கமில்லாமல் எடுத்துவிடும். எண்ணெய் வைக்காத தலையில் தினமும் போட்டால் நுனி வைக்கோலாவது அதனால்தான். கண்ணில் பட்டாலும் ஷாம்புவைவிட மோசமாக எரியும், அரை நாள் சிவந்தே இருக்கும். மீனுக்கு விஷம் வேறு, தொட்டி மீன் வளர்க்கிறவர்கள் அலசின தண்ணீர் தொட்டிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீயக்காய் அதைவிடச் சாது. நுரை குறைவு, லேசான புளிப்பு, எண்ணெயில் கொஞ்சத்தைத் தலையிலேயே விட்டுவிடும்.

இங்கே பர்மாவில் இருந்துகொண்டு சீயக்காயைப் புது மூலிகை மாதிரி யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பர்மாக்காரர்கள் கின்பூன் என்று சொல்வது இதே காயைத்தான். பொற்பாறைக் கோயிலுக்கு ஏறும் அடிவார ஊரின் பேரும் கின்பூன்தான், போனவர்களுக்குத் தெரியும். காலைச் சந்தையில் பழுப்பு நிறக் கஷாயத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, தயோ கின்பூன், திங்யான் முடிந்து புது வருஷத்துக்குத் தலை முழுகுவதற்கு அதைத்தான் வாங்கிப் போவார்கள். அதில் கின்பூன் சீயக்காய், தயோ என்பது ஒரு மரப்பட்டை. அந்தப் பட்டையை ஊறவைத்துப் பிசைந்தால் வெண்டைக்காய் மாதிரி வழவழவென்று கோழை வரும். இந்தக் கோழையில்தான் விஷயம் இருக்கிறது. சபோனின் அழுக்கை எடுக்குமே தவிர முடியை வழுக்கவிடாது. வழுக்காத முடி ஒன்றோடொன்று உரசிச் சிக்கிக்கொள்ளும், சீப்புப் போட்டால் அறுந்துபோகும். நம் ஆட்கள் அதற்குத்தான் சீயக்காயைச் சோறு வடித்த கஞ்சியில் கரைத்தார்கள், வெந்தயம் அரைத்துச் சேர்த்தார்கள், செம்பருத்தி இலையைக் கசக்கிப் போட்டார்கள். மோல்மீனில் என் அப்பாயி கஞ்சி இல்லாமல் சீயக்காயைத் தொடவே மாட்டார். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் "இது தலைக்கா, பாத்திரத்துக்கா?" என்று கேட்பார். உங்கள் கலவையில் இந்த வழவழப்புக்கு ஒன்றுமே இல்லை, அதுதான் இரண்டாவது குறை.

மூன்றாவது குறை, பொடியாகவே போடுவது. பொடி எண்ணெயை உறிஞ்சும். அதனால் கை நிறைய நல்லெண்ணெய் வைத்து ஊறின தலைக்குப் பொடிதான் சரி. எண்ணெய் இல்லாத தலையில் அது உறிஞ்ச ஒன்றும் இல்லாமல் மயிர்க்கால்களுக்கு நடுவே சிக்கி நிற்கும். ஐந்து குவளை ஊற்றினாலும் போகாது. மறுநாள் வேரில் பிசுபிசுப்பு என்று சொன்னீர்களே, விரல் நகத்தால் உச்சியில் லேசாகச் சுரண்டி வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள், பழுப்பு மணல் மாதிரி விழுந்தால் அது பொடுகு இல்லை, நேற்றைய சீயக்காய். அதன் மேல் வேர்வை சேர்ந்தால் பிசுபிசுக்காமல் என்ன செய்யும்?

சரி, ஷாம்பு பக்கம் வருவோம். சிறிய ஷாம்பு, சோப்புத் தொழிற்கூடம் ஒன்றில் பல வருஷம் கலவை போட்டவள் நான், அதனால் அதைப் பேய் என்றும் சொல்ல மாட்டேன், அமிர்தம் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் சோப்பையும் ஷாம்புவையும் ஒன்றாக நினைக்காதீர்கள். சோப்புக் காரம். தலைத்தோலும் முடியும் லேசான புளிப்புப் பக்கம் இருப்பவை. காரம் பட்டால் முடியின் மேல் செதில்கள் விரிந்து சொரசொரக்கும், உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து வெள்ளையாக ஒட்டவும் செய்யும். அந்தக் கணக்கில் சீயக்காய் சோப்பைவிட எவ்வளவோ மேல், நம் பாட்டிமார் சோப்பைத் தலைக்கு வேண்டாம் என்றது நியாயம்தான். ஆனால் இன்றைய ஷாம்புவில் பெரும்பாலும் சோப்பே கிடையாது. லாரத் சல்பேட் என்ற நுரைப்பொருள், அதன் முரட்டைக் குறைக்கப் பீட்டெய்ன் என்று இன்னொன்று, புளிப்புக்குச் சிட்ரிக் அமிலம். நிறைய ஷாம்புகள் தலைத்தோலின் புளிப்புக்குப் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

அதோடு ஷாம்புவில் இரண்டு தந்திரம் இருக்கிறது, சீயக்காய்க்கு அது வராது. ஒன்று, தயோ பட்டை செய்கிற வேலைக்கு அதில் ஒரு பாலிமர் கலந்திருப்பார்கள். கெட்டியான ஷாம்புவுக்குள் இருக்கும்வரை கரைந்தே இருக்கும், நீங்கள் தண்ணீர் ஊற்றி நீர்த்துப் போகிற நேரத்தில்தான் பிரிந்து முடியின் மேல் படியும். அலசும்போதே வழுக்குவது அதனால்தான். இரண்டாவது உங்கள் வீட்டுக்கு ரொம்ப முக்கியம், ஈடிடிஏ. பாட்டிலின் பின்னால் பொருள் பட்டியலில் கடைசிப் பக்கம் பாருங்கள், டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ என்று இருக்கும். அது தண்ணீரிலிருக்கும் இரும்பையும் சுண்ணாம்பையும் கவ்விப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோய்விடும். அளவு கொஞ்சம்தான், கிணற்றிலிருக்கும் இரும்பு முழுவதையும் பிடித்துவிடாது, ஆனாலும் உதவும். முன்பு அதே கிணற்றுத் தண்ணீரில் ஷாம்பு போட்டபோது துண்டு கறுக்காததற்கு முதல் காரணம் அதில் நெல்லி இல்லை, இரண்டாவது காரணம் இது.

ஷாம்புவின் கெட்ட பக்கமும் சொல்லிவிடுகிறேன். அளவு தெரியாமல் உள்ளங்கை நிறையக் கொட்டுவது, நுனி முடியில் தேய்ப்பது, தினமும் இரண்டு தடவை போடுவது, இதெல்லாம் பூந்திக்கொட்டையைத் தினமும் போடுவது மாதிரியேதான். அப்புறம் சிலிகோன் அதிகமாக உள்ள ஷாம்புவை எண்ணெய்த் தலைக்காரர்கள் தொடர்ந்து போட்டால் முடி கனத்துப் படுத்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள் கேட்ட தினசரி. நம் வழக்கத்தில் சீயக்காய் என்றைக்குமே தினசரிப் பொருளாக இருந்ததில்லை, இதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்களுக்குச் செவ்வாய் வெள்ளி, ஆண்களுக்குப் புதன் சனி, அதுவும் எண்ணெய் வைத்த பிறகு. அழுக்கெடுக்க அந்த எண்ணெய்தான் முன்னால் நிற்கும், முடியின் சொந்த எண்ணெய் கொஞ்சமாவது மிஞ்சும். எண்ணெயும் இல்லாமல், தினமும், பூந்திக்கொட்டையோடு என்பது பாரம்பரியம் இல்லை, யாரோ இப்போது கண்டுபிடித்தது. யாங்கோன் வெயிலிலும் புழுக்கத்திலும் தினமும் தலை நனைக்காமல் இருக்க முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் வேர்வையின் உப்பு வெறும் தண்ணீரிலேயே போய்விடும். தினமும் வெறும் தண்ணீர், வாரத்தில் இரண்டு மூன்று நாள் அழுக்கெடுப்பது, பலருக்கு இதுவே போதும். பஸ்ஸில் புகையில் அலைந்து, தலைத்தோலும் எண்ணெய் வழிகிற வகை, தினமும் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் மென்மையான ஷாம்பு ஒரு கரண்டி, தலைத்தோலில் மட்டும். இந்த ஒரு விஷயத்தில் ஷாம்புதான் ஜெயிக்கும், தினமும் ஒரே அளவு, ஒரே பலம், ஒரே புளிப்பு. சீயக்காய் அப்படி இல்லை, இந்த மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நுரை மாறும்.

உங்களுக்குச் சீயக்காயை விட மனசில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஒரு முறை ஈடிடிஏ உள்ள சாதாரண ஷாம்பு போட்டு, படிந்ததை முடிந்த மட்டும் இறக்குங்கள். நெல்லியையும் பூந்திக்கொட்டையையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். பொடி வாங்காமல் முழுக் காயாக வாங்குங்கள், காளி கோயில் பக்கத்துத் தெயிங்ஜி சந்தையில், அதுதான் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்பார்களே, அங்கே மருந்துச் சாமான் விற்கும் வரிசையில் கின்பூன் காயும் தயோ பட்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே கிடைக்கும். கால் வீசை காய் வாங்கினால், அதாவது 400 கிராம், பன்னிரண்டு பதின்மூன்று தடவைக்கு வரும். நல்ல காய் ஒடித்தால் படக்கென்று ஒடியும், வளைந்து கொடுத்தால் ஈரம் ஏறினது, உள்ளே பூஞ்சை இருக்கும்.

தோளுக்குக் கீழே வருகிற முடிக்கு ஒரு தடவைக்கு 30 கிராம், அதாவது ஒரு பெரிய கைப்பிடி. ஒடித்து, முக்கால் லிட்டர் குடிதண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ இரவு ஊறப்போடுங்கள், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். காலையில் எவர்சில்வர் பாத்திரத்தில் சின்னத் தீயில் இருபது நிமிஷம், அரை லிட்டர் அளவுக்கு வரும்வரை. இரும்புச் சட்டியைத் தொடாதீர்கள், சீயக்காயிலும் கொஞ்சம் துவர்ப்பு இருக்கிறது. ஆறினதும் கையால் பிசைந்து, பழைய மல் வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், இரண்டாவது தடவை துணியைப் பிழியக் கூடாது, பிழிந்தால் மாவு இறங்கிவிடும். தயோ பட்டை ஒரு பிடியைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிசைந்து, அந்தக் கோழையை இதோடு கலந்துகொள்ளுங்கள். பட்டை கிடைக்காவிட்டால் வடித்த கஞ்சி ஒரு குவளை. முந்தின இரவு நுனி முடிக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்.

கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பாதியை உச்சியில் ஊற்றி இரண்டு நிமிஷம் விரல் நுனியால் தேயுங்கள். நுரை குறைவாகத்தான் வரும், வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள். அலசிவிட்டு மீதியை ஊற்றி ஒரு நிமிஷம், மறுபடி அலசுங்கள். அலசக் கிணற்றுத் தண்ணீர்தான் என்றால் முதல் நாளே வாளியில் பிடித்து, ஒரு வாளியிலிருந்து இன்னொன்றுக்கு நாலைந்து தடவை உயரத்திலிருந்து ஊற்றிவிட்டு வையுங்கள். காற்றுப் பட்டால் இரும்பு துருவாகி அடியில் தங்கும், மேலே தெளிந்ததை மொண்டு எடுங்கள். கடைசிக் குவளை மட்டும் குடிதண்ணீராக இருக்கட்டும். காய்ச்சினதை மிச்சம் வைத்தால் நம் ஊர் வெப்பத்தில் மறுநாளே கெட்டுவிடும், குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் தாங்கலாம். திறந்ததும் கள் வாடை, மேலே தானாகவே குமிழ், கைவிட்டால் நூல் மாதிரி இழுப்பு, இதில் எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

சரியாகக் கழுவப்பட்டதா என்று ஈர முடியில் தெரியாது. காய்ந்த பிறகு காதுக்குப் பின்னால் ஒரு கற்றையை வேரில் பிடித்து விரலில் தேய்த்துப் பாருங்கள். விரல் வழுக்கினால் எண்ணெய் போகவில்லை, அடுத்த தடவை காயைக் கொஞ்சம் கூட்டுங்கள். கீச்சென்று பிடித்தால் அளவுக்கு மேல் போய்விட்டது, காயைக் குறையுங்கள். பூந்திக்கொட்டை வேண்டுமென்றால் எண்ணெய்க் குளியல் நாளில் மட்டும், உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு இரண்டு மூன்று தோல், இதே கஷாயத்தில் போட்டால் போதும். முடிக்குச் சாயம் போடுகிறவர்கள் அதையும் தவிர்ப்பது நல்லது, நிறம் சீக்கிரம் இறங்கும்.

கடையில் "சீயக்காய்" என்று எழுதியிருப்பதை எல்லாம் நம்பாதீர்கள். சீயக்காய் சோப்பு என்பது பெரும்பாலும் சோப்புதான், வாசனைக்குக் கொஞ்சம் சீயக்காய். வீட்டிலேயே பார்க்கலாம், ஈரமான மஞ்சள் தூளைக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, அதன் மேல் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். காரமாக இருந்தால் குங்குமம் மாதிரி சிவக்கும், உண்மையான சீயக்காய்க் கரைசல் விட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். இதில் ஒரு ஓட்டை உண்டு, பொடியில் ஷாம்பு நுரைப்பொருளைக் கலந்திருந்தால் மஞ்சள் காட்டிக் கொடுக்காது. அதற்கு அரைக் கரண்டிப் பொடியை ஒரு பாட்டில் தண்ணீரில் குலுக்கி, உங்களிடமிருக்கும் முழுக் காயை இடித்து அதே மாதிரி குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காயைவிடப் பொடி வெள்ளையாகப் பொங்கினால் அதில் வேறு ஏதோ இருக்கிறது.

இன்னொன்று, பொடுகு செதில் செதிலாக உதிர்ந்து அரிப்பும் இருந்தால் சீயக்காயோடு மல்லுக்கட்டாதீர்கள், அது அழுக்கு இல்லை. மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் ஷாம்பு இருக்கிறது, 2 சதவீதம், வாரத்துக்கு இரண்டு முறை, நுரையை மூன்று நான்கு நிமிஷம் வைத்து அலச வேண்டும், இரண்டிலிருந்து நான்கு வாரம். அதிலும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் சீயக்காய்ப் பொடியை அவர் பக்கத்தில் சலிக்காதீர்கள், மூக்கில் ஏறினால் நம்மையே தும்ம வைத்துவிடும்.

மீதி நெல்லிப் பொடியைக் குப்பையில் போட வேண்டாம். நரைக்கு மருதாணி போடுகிற சித்தியோ பெரியம்மாவோ இருந்தால் கொடுத்துவிடுங்கள், அவர்கள் அதை வேண்டுமென்றே இரும்புச் சட்டியில்தான் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். உங்கள் துண்டில் நடந்ததுதான் அங்கேயும் நடக்கும், ஆனால் அவர்களுக்கு வேண்டியதே அந்தக் கறுப்பு.